படிவத்தில் ஒரு ± குறி: எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள்?

"ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் என் அம்மாவுக்கு 44 வயது. கருப்பைக் கட்டிக்காகச் சேலத்தில் ஆபரேஷன். ஒப்புதல் படிவம் முழுக்க இங்கிலீஷ். 'எல்லாரும் போடுறதுதான், கையெழுத்துப் போடுங்க' என்கிறார்கள். நானே தமிழில் எழுதி அம்மாவுக்குக் காட்டலாமா?"

தாராளமாக எழுதலாம். வரிக்கு வரி வேண்டாம். ஆபரேஷனின் பெயர் இருக்கும் வரியிலிருந்து தொடங்குங்கள். அங்கே 'டி.ஏ.எச். ± பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இப்படி எழுதுங்கள்: "வயிற்றைக் கீறிக் கருப்பையை எடுப்போம். தேவை என்று நினைத்தால் இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்து எடுப்போம்." இரண்டாவது வாக்கியம் முழுவதும் அந்த ± குறிக்குள் இருக்கிறது. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மாதவிலக்கு நின்ற நிலை ஒரே நாளில் வந்துவிடும். உடம்பு திடீர் திடீரென்று சூடேறி வியர்க்கும். நாளாக ஆக எலும்பும் தேயும். அதனால் சினைப்பையை எடுக்கச் சம்மதமா, இல்லையா, புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டுமா என்பதை டாக்டரே படிவத்தில் கையால் எழுத வேண்டும். நீங்கள் எழுதும் தாள் அம்மா புரிந்துகொள்வதற்குத்தான். கையெழுத்தான படிவத்தைத்தான் பிறகு எடுத்துப் பார்ப்பார்கள்.

"உள்ளே பார்த்து முடிவு செய்வோம்" என்பார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று 2008இல் சமீரா கோலி என்ற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உள்ளே பார்க்கும் பரிசோதனைக்குத்தான் அவர் சம்மதம் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கேட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தார்கள். அது செல்லாது என்றது தீர்ப்பு. ஒரே விலக்கு, அப்போதே செய்யாவிட்டால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்ற நிலை. இன்னொரு ஆபரேஷன் மிச்சம், செலவு மிச்சம், எப்படியும் பின்னால் எடுக்க வேண்டியதுதான் என்பதெல்லாம் இந்த விலக்கில் வராது. ரத்தம் நிற்காமல் போனால் அது இந்த விலக்கில் வரும். அம்மா சுயநினைவோடு இருக்கும்போது அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்பாவின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

ஆபத்துகளை எண்ணிக்கையாக எழுதுங்கள். 'சிக்கல்கள் வரலாம்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "இப்படி ஆபரேஷன் செய்துகொள்ளும் 1000 பெண்களில் ஏறத்தாழ 7 பேருக்கு மூத்திரப்பையிலோ அதற்கு வரும் குழாயிலோ காயம் படலாம்" என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் சங்கம் தரும் கணக்கு. உங்கள் டாக்டரின் கணக்கையும் கேளுங்கள். ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையோ வேறு வழியோ உண்டா, இப்போதைக்கு எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டு வரியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

காப்பீட்டு கார்டு வேலையை முடித்துத் தருகிறேன் என்று வரும் ஆட்களிடம் கவனம். அப்ரூவலுக்கு என்று சொல்லி நீட்டும் காகிதக் கட்டுக்குள் வெற்றுப் படிவமும் இருக்கும். கோடிட்ட இடம் காலியாக இருந்தால் கையெழுத்து வேண்டாம். ஆபரேஷன் அன்று காலை, ஊசி போட்ட பிறகு, ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது வெட்கக்கேடு. ஓ.பி.க்கு வரும் நாளிலேயே படிவத்தைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு மலையேறுங்கள்.

வீட்டில் வாசித்துக் காட்டிய பிறகு "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார். "என்னென்ன எடுக்கப் போறாங்க, நீயே சொல்லும்மா" என்று கேளுங்கள். "கட்டியை எடுப்பாங்க" என்று மட்டும் சொன்னால், கையெழுத்துக்கு முன் டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போங்கள்.