பெயர் இல்லாத சான்றிதழ்

"பிரிக்ஃபீல்ட்ஸில் கடை எடுத்திருக்கிறேன். காப்புறுதிச் சான்றிதழ் கொடுத்தும், அதில் தன் பெயர் இல்லை என்று கட்டட உரிமையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்."

புதுப் பாலிசி எடுக்க வேண்டாம். உங்கள் பொதுப் பொறுப்புக் காப்புறுதியில் உரிமையாளரையும் கூடுதல் காப்புறுதிதாரராகச் சேர்த்து என்டோர்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் ஒரு திருத்தக் குறிப்பு, போடச் சொல்லி முகவரிடம் கேளுங்கள், அப்புறம்தான் சான்றிதழ். சான்றிதழ் வெறும் அத்தாட்சிதான். பாலிசியில் சேர்க்காமல் அதில் மட்டும் பெயரைத் தட்டினால் உரிமையாளருக்கு எந்தப் பாதுகாப்பும் வராது.

உரிமையாளரின் பெயரை வாடகை ஒப்பந்தத்தில் இருப்பதுபோலவே, கடைசியில் வரும் 'செண்டிரியான் பெர்ஹாட்', பதிவு எண் உட்பட அனுப்புங்கள், கட்டடத்தின் பெயர் வேறு, சொந்தக்காரர் நிறுவனம் வேறு. எனக்குச் சான்றிதழில் கடையின் லாட் எண்ணில் ஓர் எழுத்து விடுபட்டு, சாவி வாங்க மூன்று நாள் ஆனது. ஒப்பந்தம் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் ரிங்கிட் கேட்டால், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அவ்வளவு என்ற பாலிசி போதுமா என்று முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.