குடத்துக்கு வயது எப்படிப் போடுவது?

"மல்லேஸ்வரத்தில் இருக்கிறோம். பாட்டியின் பித்தளைக் குடத்தை ஆன்லைனில் விற்க வேண்டும். கழுத்தில் 'மு. அஞ்சலை 1954' என்று வெட்டியிருக்கிறது. பழைய சாமான் புரோக்கர் ஒருவர், '150 வருஷம்னு போடுங்க, புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சு போட்டோ எடுங்க' என்கிறார். அப்படியே செய்யலாமா?"

இரண்டுமே வேண்டாம். முதலில் புளியைத் தள்ளி வையுங்கள். உங்களிடம் இருக்கும் முதல் சாட்சி அந்த எழுத்துப் பள்ளத்தில் உறைந்த கறுப்பு. சுற்றியுள்ள பரப்பும் பள்ளமும் ஒன்றாகக் கறுத்து, எழுத்தின் விளிம்பு விரலுக்கு மழுங்கலாகப் பட்டால் அது பழைய வெட்டு. பள்ளம் மட்டும் மஞ்சளாக மின்னினால் சமீபத்தில் வெட்டியது. தேய்த்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். புளியில் அதிக நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து செம்புச் சிவப்புத் திட்டுகளும் விழும்.

அடுத்து 'அஞ்சலை'யில் உள்ள லை-யைப் பாருங்கள். யானைத் துதிக்கை போட்ட பழைய லை என்றால் 1954-க்குப் பொருந்தும். இன்றைய வடிவத்தைத் தமிழக அரசு ஏற்றது 1978-ல்தான். ஆனால் புது லை இருந்தால் உடனே போலி என்று முடிவுகட்டாதீர்கள். பெரியாரின் 'குடிஅரசு' 1935-லேயே அந்த வடிவத்துக்கு மாறிவிட்டது. பழைய லை இருப்பதும் முழுச் சான்று அல்ல. பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர்கள் 1978-க்குப் பிறகும் கைப்பழக்கத்தில் அதையே வெட்டியிருக்கலாம். பள்ளத்தின் கறுப்பும் எழுத்தும் ஒத்துப்போனால் மட்டுமே '1954-ல் இருந்த குடம்' என்று எழுதலாம். அதற்கு முன்னால் எப்போது செய்தது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை.

'150 வருஷம்' என்பது வினையை விலைக்கு வாங்குவது. 100 வருடம் தாண்டிய கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகிவிடலாம். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புரோக்கர் காசோடு போய்விடுவார், விளம்பரத்தில் நிற்பது உங்கள் பெயர்.

தேய்மானத்தை மறைக்காதீர்கள், இடம் சொல்லி எழுதுங்கள். இடுப்பில் வைத்த பக்கம் வழவழப்பாக இருக்கும், அடிவளையம் தேய்ந்திருக்கும், உள்ளே தண்ணீரின் உப்புப் படிவம் இருக்கும். ஈயம் வைத்து அடைத்த சாம்பல் நிற ஒட்டையும் தேடுங்கள். குடத்தில் நீர் நிரப்பி செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்தால் கசிவு தெரிந்துவிடும். எழுத்தைப் படம் எடுக்கும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் ஒளியில் பள்ளம் தெரியாது.

இப்படி எழுதலாம்: "பித்தளைக் குடம். கழுத்தில் 'மு. அஞ்சலை 1954', படம் 2. செய்த ஆண்டுக்கு ஆதாரம் இல்லை. இடுப்புப் பக்கம் ஒரு நெளிவு, படம் 4. அடியில் ஓர் ஈய ஒட்டு, படம் 5. ஓர் இரவு நீர் வைத்ததில் கசிவு இல்லை. மெருகு போடவில்லை." எடையை வீட்டுத் தராசில் போட்டு, உயரத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

சில தளங்களில் 'ஆன்டிக்' என்ற ஒரே பிரிவுதான் இருக்கும். நேற்று வார்த்த விளக்கும் அதில்தான் கிடக்கிறது. புகார் கொடுத்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வேறு வழியில்லாமல் அதில் போட்டாலும், '1954' என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.