சாவடிவாரி ஓட்டுக் கணக்கு: இடிக்கும் 2 ஓட்டும் 11 ஓட்டு வித்தியாசமும்

கேள்வி: எங்கள் மாணவர் பேரவைத் தலைவர் தேர்தலில் நாலு சாவடி, மூன்று வேட்பாளர்கள். சாவடிவாரியாக ஓட்டு, சதவீதம், வித்தியாசம் எல்லாம் எக்ஸெலில் போட்டுவிட்டேன். மொத்தத்தில் 2 ஓட்டு இடிக்கிறது. இரண்டு சாவடியில் சதவீதத்தைக் கூட்டினால் 99.9தான் வருகிறது. ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் 11 ஓட்டுதான் வித்தியாசம். தோற்றவர் வந்து கேட்டால் எதைக் காட்டுவது? தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: 99.9 பிரச்சினையே இல்லை, அதைக் கடைசியில் பார்க்கலாம். 2 ஓட்டுக்கு விளக்கம் கண்டுபிடிக்க முடியும். உண்மையில் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது கூட்டலில் சிக்காத ஒரு தவறுக்காக. அதற்கு முன், நீங்கள் அனுப்பிய எண்களைச் சின்னங்களின் பெயரில் அடுக்கிக்கொள்வோம்.

| சாவடி | பட்டியலில் | கையெழுத்து | குடை | மணி | பேனா | செல்லாதவை |
|---|---|---|---|---|---|---|
| 1 | 240 | 212 | 96 | 71 | 39 | 6 |
| 2 | 225 | 187 | 58 | 84 | 41 | 4 |
| 3 | 260 | 231 | 87 | 102 | 35 | 7 |
| 4 | 195 | 164 | 74 | 47 | 36 | 5 |
| மொத்தம் | 920 | 794 | 315 | 304 | 151 | 22 |

மூன்று வேட்பாளர்களுக்கும் விழுந்தவை 770. செல்லாதவை 22. சேர்த்தால் 792. கையெழுத்துப் போட்டவர்களோ 794 பேர். இடிக்கிற 2 இதுதான். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்தால் அது எங்கே விழுந்தது என்று தெரியாது. அதைவிட மோசம், ஒரு சாவடியில் ஒன்று கூடி இன்னொன்றில் ஒன்று குறைந்திருந்தால் மொத்தம் சமமாகி இரண்டையும் மறைத்துவிடும். மாணவர் ஒருவர் சீட்டைப் பக்கத்துச் சாவடிப் பெட்டியில் போட்டால் இதுதான் நடக்கும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் தனியாகச் சரிபார்ப்பு வேண்டும். சாவடி A பத்தியில், பட்டியல் B, கையெழுத்து C, மூன்று சின்னங்கள் D முதல் F வரை, செல்லாதவை G என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வரிக்கு இப்படி:

```
H2: =SUM(D2:F2)
I2: =H2+G2-C2
J2: =D2-E2
```

H செல்லும் ஓட்டு. I சரிபார்ப்பு, அது 0 ஆக இருக்க வேண்டும். J குடைக்கும் மணிக்கும் உள்ள வித்தியாசம். கீழே மற்ற சாவடிகளுக்கும் இழுத்துவிட்டால் முதல் மூன்று சாவடிகளில் I பத்தி 0 காட்டும், நான்காவதில் -2 காட்டும். ஆக, தேட வேண்டிய இடம் ஒரே ஒரு பெட்டி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பு இருப்பதே C பத்தி வேறொரு கையிலிருந்து வருவதால்தான். சாவடி வாசலில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கியவர் எண்ணித் தந்த எண் அது. எண்ணும் மேசையில் இருப்பவரே பெட்டியில் வந்த சீட்டை எண்ணி அதையே C-யில் போட்டால், கணக்கு எப்போதும் 0 காட்டும். அது சரிபார்ப்பே இல்லை. அதேபோல, வரிகளின் கூட்டலும் பத்திகளின் கூட்டலும் 770 என்று ஒத்துப்போவதைப் பெரிய ஆதாரமாகக் காட்டாதீர்கள். இரண்டும் அதே எண்களைத்தான் கூட்டுகின்றன. ஏதாவது ஒரு சூத்திரம் ஒரு வரியை விட்டுவிட்டதா என்று மட்டும்தான் அதில் தெரியும்.

இன்னொரு சின்ன இடர்: எண் மாதிரி தெரிந்து எண்ணாக இல்லாத கட்டம். வாட்ஸ்அப்பில் வந்ததை நகலெடுத்து ஒட்டினால் சில சமயம் 41 எழுத்தாக உட்காரும். SUM அதைச் சத்தமில்லாமல் தவிர்த்துவிடும். ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNT(D2:G5)
```

நாலு சாவடிக்கு நாலு எண், ஆக 16 வர வேண்டும். 15 வந்தால் ஒரு கட்டம் எழுத்தாக இருக்கிறது, அல்லது காலியாக இருக்கிறது.

சரி, நான்காவது சாவடிக்கு வருவோம். இடிப்பது 9-ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். 84-ஐ 48 என்று தட்டினால் 36 இடிக்கும், 102-ஐ 120 என்று தட்டினால் 18. இங்கே 2 தான், எனவே சீட்டுகளிடம்தான் போக வேண்டும். அந்தச் சாவடிக்கு எத்தனை சீட்டு கொடுத்தீர்கள், எத்தனை திரும்பியது என்ற குறிப்பை எடுங்கள். 200 கொடுத்து 36 திரும்பியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வெளியே போனவை 164, கையெழுத்தும் 164. பதிவேட்டில் தவறு இல்லை. சீட்டு வாங்கிய இரண்டு பேருடைய சீட்டு பெட்டிக்கு வரவில்லை, அல்லது வந்து எண்ணப்படவில்லை. பெட்டியின் மடிப்பையும் மூலையையும் பாருங்கள். ஒன்றோடொன்று மடிந்து ஒட்டிக்கொண்ட சீட்டு இருக்கிறதா என்று கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், யாரோ இருவர் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இது சாதாரணமாக நடப்பதுதான்.

எதிர்ப்பக்கம் இடித்திருந்தால், அதாவது பெட்டியில் 166 இருந்து கையெழுத்து 164 என்றால், நான் இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குறைவதற்கு அலட்சியம் போதும். கூடுவதற்கு, ஒருவர் கையெழுத்தில்லாமல் சீட்டு வாங்கியிருக்க வேண்டும், அல்லது வேறு பெட்டிச் சீட்டு கலந்திருக்க வேண்டும், அல்லது ஒருவரே இரண்டு போட்டிருக்க வேண்டும். கூடிய எண்ணிக்கை வித்தியாசத்தை எட்டினால் அந்தச் சாவடிக்கு மறு வாக்குப்பதிவு தவிர வேறு வழி இருக்காது.

இரண்டாவது சாவடியில் கொடுத்தது 230, திரும்பியது 42, ஆக வெளியே போனவை 188, ஆனால் கையெழுத்து 187 என்று பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அங்கே ஒரு மாணவி தப்பாக முத்திரை குத்திவிட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியதாக உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தக் கெட்டுப்போன சீட்டு பெட்டிக்குள் போகவே இல்லை. எனவே அதை ‘செல்லாதவை’ பத்தியில் சேர்க்கக் கூடாது. செல்லாதவை என்பது பெட்டிக்குள் விழுந்து, எண்ணும்போது தள்ளப்பட்டவை மட்டும்.

ஒரு வேண்டுகோள். கணக்கு சரியாக வரட்டும் என்று அந்த 2-ஐச் செல்லாதவையில் சேர்த்து 24 ஆக்கிவிடாதீர்கள். ‘பெட்டிக்கு வராதவை: 2’ என்று தனியாக ஒரு பத்தி போடுங்கள். யாராவது செல்லாத சீட்டுகளைக் காட்டச் சொன்னால் உங்கள் கையில் 22 தான் இருக்கும்.

இப்போது 11-க்கு வருவோம். காணாமல் போன இரண்டும் மணிக்கே விழுந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 306 தான், குடை 315. முடிவு மாறாது. ஆனால் குடைக்கட்டில் மணியின் சீட்டு ஒன்று தவறி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? சாவடிக் கூட்டல் அப்படியே இருக்கும், I பத்தி 0 காட்டும், எந்தச் சூத்திரமும் இதைப் பிடிக்காது. அதோடு, அதைச் சரியான கட்டுக்கு மாற்றும்போது ஒரு பக்கம் ஒன்று குறைந்து மறுபக்கம் ஒன்று கூடும், அதாவது வித்தியாசம் 2 குறையும். ஆறு சீட்டு இப்படி மாறியிருந்தால் குடை 309, மணி 310. தேர்தலே புரண்டுவிடும். 770-இல் ஆறு என்பது நடக்காத விஷயம் இல்லை. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டியிருப்பீர்கள். ஒரு கட்டின் மேலே வைக்கும் துண்டுச்சீட்டு மாறிப்போனால் ஒரேயடியாக 50 ஓட்டு ஆடும்.

எனவே தோற்றவரிடம் காட்ட வேண்டியது எக்ஸெல் அல்ல, கட்டுகள். பிரித்தவர் அல்லாத வேறு ஒருவர், இரு தரப்பு முகவர்கள் முன்னால், ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துச் சீட்டு சீட்டாகச் சின்னத்தைச் சொல்லித் திருப்ப வேண்டும். குடை, மணி இரண்டையும் மட்டும் பார்த்தால் போதாது. பேனாக் கட்டிலும் செல்லாதவையிலும் ஒளிந்திருக்கலாம். செல்லாத 22 என்பது வித்தியாசத்தைப்போல் இரண்டு மடங்கு. அவற்றை ஏன் தள்ளினீர்கள் என்ற காரணத்தை ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

J பத்தியையும் ஒரு தடவை பாருங்கள். குடை முதல் சாவடியில் 25 முன்னே, இரண்டாவதில் 26 பின்னே, மூன்றாவதில் 15 பின்னே, நான்காவதில் 27 முன்னே. கூட்டிக் கழித்தால் 11. மொத்தத்தில் 315-இலிருந்து 304-ஐக் கழித்தாலும் 11. இந்தக் கூட்டல் ஒத்துவர, எல்லாச் சாவடியிலும் அதே இரண்டு பேரைத்தான் ஒப்பிட வேண்டும். சிலர் ஒவ்வொரு சாவடியிலும் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டு அதைக் கூட்டுவார்கள். உங்கள் தேர்தலில் அப்படிச் செய்தால் 93 வரும், அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

சதவீதத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மொத்த வரியில் குடைக்கு 41.1, மணிக்கு 39.0 என்று போட்டிருக்கிறீர்கள். அது நாலு சாவடிச் சதவீதங்களின் சராசரி. 157 செல்லும் ஓட்டு உள்ள நான்காவது சாவடிக்கும் 224 உள்ள மூன்றாவதுக்கும் ஒரே எடை கொடுத்ததால் வித்தியாசம் 2.1 ஆக ஊதிவிட்டது. மொத்த ஓட்டை மொத்த ஓட்டால்தான் வகுக்க வேண்டும். மொத்தம் ஆறாவது வரியில் இருக்கிறது என்றால் குடைக்கு:

```
=D6/$H$6
```

315-ஐ 770-ஆல் வகுத்தால் 40.9, மணிக்கு 39.5, பேனாவுக்கு 19.6. வித்தியாசம் 1.4 சதவீதப் புள்ளி. வகுக்கும் எண் செல்லும் ஓட்டு என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். வாக்குப்பதிவு சதவீதத்துக்கு மட்டும் வேறு எண்கள்: 794-ஐ 920-ஆல் வகுத்தால் 86.3.

அப்புறம் அந்த 99.9. மூன்றாவது சாவடியில் 38.8, 45.5, 15.6. உண்மையான எண்கள் 38.839, 45.536, 15.625. மூன்றுமே கீழ்நோக்கி முழுமையாக்கப்பட்டதால் 0.1 காணாமல் போகிறது. நான்காவதிலும் அதே கதை. ஏதாவது ஒன்றை ஏற்றி 100 ஆக்க வேண்டாம். ‘முழுமையாக்கியதால் கூட்டல் 100 வராமல் போகலாம்’ என்று அடியில் ஒரு வரி போதும். சரிபார்ப்பு எப்போதும் ஓட்டுகளில்தான், சதவீதங்களில் அல்ல.

அறிவிப்பதற்கு முன் உங்கள் பேரவை விதியை எடுத்துப் பாருங்கள். அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்றால் குடைதான். செல்லும் ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும் என்று இருந்தால் 386 தேவை, யாரும் அதை எட்டவில்லை. அப்போது குடைக்கும் மணிக்கும் இரண்டாம் சுற்று நடத்த விதி இடம் கொடுக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.