ராத்திரி 8.20க்கு போட்ட அந்த போன் கால்தான் உங்க கேஸ்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு, தக்கலை பக்கத்துல தனியா இருக்கார், நான் ஷார்ஜால வேலை பாக்கேன். ஃபேஸ்புக்ல "குடோன் காலி, இன்னைக்கு மட்டும் மிக்ஸி 499"ன்னு பார்த்து பைசா கட்டிட்டார். பத்து நாளாகியும் வரல. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டிருக்கார், ரீஃபண்டுக்கு ஒரு ஆப் போட சொன்னான், போட்டார். மொத்தம் 1,84,000 போச்சு. ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லன்னு அழறார். ராத்திரி 8.20க்கு பேங்க் டோல்ஃப்ரீக்கு கூப்பிட்டு சொல்லிட்டார், 1930 சைபர் ஹெல்ப்லைன்லயும் புகார் இருக்கு. திங்கட்கிழமை பிராஞ்சுக்கு போனா மேனேஜர் எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டார். மேனேஜர், ஃபேஸ்புக், கூகுள் எல்லார் மேலயும் கேஸ் போடணும். அப்பாகூட காலைல நடக்கப் போற பெரியவங்களுக்கு இது நடக்காம இருக்க என்ன சொல்லணும்? ஸ்டேட்மெண்ட் இணைச்சிருக்கேன்.

பதில்: மேனேஜர் பேசினதை விடுங்க, ஃபேஸ்புக் கூகுளையும் இப்போதைக்கு விடுங்க, அந்த வழியில போனா உங்கப்பாவோட வயசுதான் போகும், பைசா வராது. நீங்க அனுப்பின ஸ்டேட்மெண்ட்ல நீங்களே கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. 7.05க்கு 49,900, 7.09க்கு 49,900, 7.31க்கு 20,200, இது மூணும் சேர்ந்து 1,20,000. அப்புறம் ராத்திரி 11.12க்கு 40,000, 11.20க்கு 24,000. அதாவது உங்கப்பா 8.20க்கு பேங்குக்கு சொன்ன பிறகு கிட்டத்தட்ட மூணு மணி நேரம் கழிச்சு 64,000 வெளிய போயிருக்கு.

உங்க கேஸ்ல சட்டப்படி முக்கியமான இடம் இது ஒண்ணுதான். 2017 ஜூலைல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த விதி என்ன சொல்லுதுன்னா, கஸ்டமரோட கவனக்குறைவாலதான் பைசா போச்சுன்னு வச்சுக்கிட்டாலும், அவர் பேங்குக்கு சொல்ற நிமிஷம் வரைக்கும்தான் நஷ்டம் அவரோடது, சொன்ன பிறகு போறது பேங்கோட தலையில. அதனால 64,000ஐ பொறுத்தவரை உங்கப்பா ஆப் போட்டாரா, புத்தி இருந்துச்சா இல்லையா, எதுவும் கேள்வியே இல்ல. 8.20க்கு சொன்னாரா, பேங்க் ஏன் அக்கவுண்டை அடைக்கல, அவ்வளவுதான் கேள்வி.

மீதி 1,20,000 வேற கதை. மூணாவது ஆள் பண்ணின திருட்டு, நம்ம பக்கமும் பேங்க் பக்கமும் தப்பு இல்லன்னா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லியிருந்தா முழு பைசாவும் திரும்ப வரணும். அன்னைக்கே சொல்லிட்டார், அதுல குறை இல்ல. ஆனா பேங்க் "அவரேதான் விவரத்தை குடுத்தார், அது கவனக்குறைவு"ன்னு நிக்கும். அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பேங்குக்குத்தான், உங்களுக்கு இல்ல. அசாம்ல கிட்டத்தட்ட இதே மாதிரி ஒருத்தர் ஆன்லைன்ல வாங்கின பொருளை திருப்பி அனுப்பப் போய், கஸ்டமர் கேர்னு பேசினவன் சொன்ன ஆப்பை போட்டு 94,000 சொச்சம் இழந்தார். கவுகாத்தி ஹைகோர்ட் பேங்க்தான் தரணும்னு சொல்லிச்சு, 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிடல. அவரும் 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருந்தார், அது அவருக்கு பெரிய பலம். ஆனா அதே கோர்ட் கஸ்டமரும் ஓடிபி விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும்னும் சொல்லியிருக்கு, அதனால இது தானா கிடைக்கிற பைசான்னு நினைக்காதீங்க.

இனி நான் பயப்படுற இடத்துக்கு வாறேன். என்கிட்ட வந்த கேஸ்கள் பலது கோர்ட்ல தோக்கல, முதல் கடுதாசிலேயே தோத்திருக்கு. கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு ரிட்டையர்ட் டீச்சர் வந்தாங்க. பிராஞ்சுல இருந்த பையன் உதவி பண்றேன்னு அவனே ஒரு புகார் டைப் பண்ணி குடுத்திருக்கான், "நான் தெரியாமல் என் ஓடிபியை பகிர்ந்துவிட்டேன்"னு அதுல ஒரு வரி. கண்ணாடி இல்லாம கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாங்க. உண்மைல அவங்க யாருக்கும் ஓடிபி சொல்லல. அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டே பேங்க் கடைசி வரைக்கும் நின்னுச்சு, நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவங்களுக்குன்னு நான் எவ்வளவு சொன்னாலும், அம்மாவே எழுதி குடுத்த பிறகு நிரூபிக்க என்ன இருக்கு. திங்கட்கிழமை உங்கப்பா பிராஞ்சுல எதுலயாவது கையெழுத்து போட்டாரான்னு இன்னைக்கே கேளுங்க. போட்டிருந்தா காப்பி வாங்குங்க, வரி தப்பா இருந்தா திருத்தி இன்னொரு கடிதம் உடனே போகணும், ஒரு மாசம் கழிச்சு திருத்தினா வக்கீல் சொல்லிக் குடுத்த கதைன்னுதான் சொல்லுவாங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பும் பண்ணுவாங்க. வெட்கத்துல "போன் என் பாக்கெட்லதான் இருந்துச்சு, நான் ஒண்ணுமே பண்ணல"ன்னு எழுதிடுவாங்க. ஆப் எப்ப இறங்கிச்சு, அந்த நம்பருக்கு எவ்வளவு நேரம் பேசினார்ங்கிறது எல்லாம் வெளிய வரும், ஒரு பொய் மாட்டினா அந்த 64,000க்கும் சந்தேகம் வந்துடும். நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க: ரீஃபண்டுன்னு சொன்னதை நம்பி ஆப் போட்டேன், அது என் போன் திரையை அவனுக்கு காட்டும்னு எனக்கு தெரியாது, ஓடிபியோ பாஸ்வேர்டோ நான் வாயால யாருக்கும் சொல்லல. உங்கப்பா அழுதுகிட்டு சொல்றது உண்மையாத்தான் இருக்கும். அந்த ஆப் திரையை அப்படியே அங்க காட்டும், இவர் நெட்பேங்கிங்ல டைப் பண்றதை அவன் பார்த்துக்கிட்டிருப்பான், எஸ்எம்எஸ் மேல வந்து எட்டிப் பாக்கும்போதே ஓடிபியை படிச்சிருப்பான். சொல்லாமலே போறது இப்படித்தான்.

போனை யாரும் தொடக்கூடாது. பேரன் யாராவது "வைரஸ் இருக்கும் தாத்தா"ன்னு ஃபார்மேட் பண்ணிடுவான், நான் பார்த்ததுல பாதி வீட்ல இதுதான் நடந்திருக்கு. இன்டர்நெட்டை அணைச்சு வைங்க, வேற போன்ல இருந்து பாஸ்வேர்ட் எல்லாம் மாத்துங்க, ஆனா கால் லிஸ்ட்ல 8.20ன்னு இருக்கிற அந்த வரி, ஆப், மெசேஜ் எல்லாம் அப்படியே இருக்கணும். டோல்ஃப்ரீல புகார் நம்பர் குடுத்தாங்களா? எஸ்எம்எஸ்ஸா வந்திருந்தா தேடி எடுங்க. அந்த காலோட ரெக்கார்டிங்கை அழிக்காம வைக்கணும்னு பேங்குக்கு இன்னைக்கே மெயில் போடுங்க, இந்த கேஸ்ல உங்களுக்கு சாட்சி அதுதான்.

இன்னும் ஒரு குழி இருக்கு. 1930ல புகார் குடுத்த வீட்டுக்கு கொஞ்ச நாள்ல வேறொரு கால் வரும். "சைபர் ஆபீஸ்ல இருந்து பேசறோம், உங்க பைசாவை ஃப்ரீஸ் பண்ணிட்டோம், ரிலீஸ் பண்ண அஞ்சாயிரம் கட்டுங்க"ம்பான். ஏற்கனவே இழந்தவங்க நம்பர் அவங்க கையில இருக்கு, ஆசையா காத்திருக்கிற ஆளைத்தான் திரும்ப பிடிப்பாங்க. முடக்கின பைசாவை விடுவிக்கணும்னா போலீஸ், கோர்ட்னு முறையான வழியிலதான் நடக்கும், எந்த போலீசும் போன்ல கட்டணம் கேக்க மாட்டாங்க. அப்பாகிட்ட இதை இன்னைக்கு ராத்திரியே சொல்லுங்க.

பெரியவங்களுக்கு என்ன சொல்லணும்னு கேட்டீங்க. "ஆன்லைன்ல ஜாக்கிரதை"ன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, உங்கப்பாவோட கதையையே சொல்லுங்க, அவர் நிக்க வேண்டிய இடம் மூணு இருந்துச்சு. முதல்ல அந்த விளம்பரம். விலை குறைவுன்னு மட்டும் பாக்காதீங்க, அந்த பக்கத்துக்குள்ள போனா அது எப்ப ஆரம்பிச்சதுன்னு காட்டும், போன மாசம் பிறந்த பக்கம் குடோன் காலி பண்ணுதுன்னா எந்த குடோன்? பொருள் கையில வந்த பிறகு பைசான்னா ஒத்துக்க மாட்டேங்கிறானா, அப்பவே விடணும். அங்க ஏமாந்தாலும் நஷ்டம் 499தான். ரெண்டாவது இடம்தான் ஆளை கவுத்தது, கூகுள்ல நம்பர் தேடினது. அங்க கஸ்டமர் கேர்னு யார் வேணும்னாலும் நம்பர் போட்டு வைக்கலாம். பேங்க் நம்பர் வேணும்னா ஏடிஎம் கார்டு பின்னால பாருங்க, கடை நம்பர் வேணும்னா பில்லுல பாருங்க, பில்லே இல்லாத கடைக்கு கஸ்டமர் கேரும் கிடையாது. மூணாவது, பைசா வாங்குறதுக்கு நம்ம பக்கம் ஒண்ணுமே பண்ண வேண்டாம். மணியார்டர் வாங்குறப்போ நம்ம பெட்டி சாவியை போஸ்ட்மேன்கிட்ட குடுப்போமா? பின் நம்பர் போடுறது பைசா குடுக்கத்தான், வாங்க இல்ல. ரீஃபண்டுக்கு ஆப் போடுங்க, பின் போடுங்கன்னு எவன் சொன்னாலும் போனை வச்சிடணும், மரியாதையா பேசறானேன்னு பாக்காதீங்க, அவனுங்க ரொம்ப மரியாதையாத்தான் பேசுவானுங்க.

இனி பைசா விஷயம். பேங்குக்கு எழுத்துல புகார் போங்க, 8.20ம் 11.12ம் முதல் பத்தியிலேயே வரணும், மேனேஜர் திட்டினது அதுல ஒரு வரியும் வேண்டாம். சொன்ன நாள்ல இருந்து 10 வேலை நாளுக்குள்ள பைசாவை தற்காலிகமா அக்கவுண்ட்ல வைக்கணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், இதுவும் அதே விதிலதான் இருக்கு. 30 நாள்ல பதில் வரல, இல்ல முடியாதுன்னு வந்துச்சுன்னா cms.rbi.org.in வழியா, பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு போகலாம், வக்கீலே வேண்டாம். ஆத்திரத்துல முதல்லயே நாகர்கோவில் நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போட்டுடாதீங்க, கோர்ட்ல இருக்கிற விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார், வேகமான கதவை நாமளே அடைச்ச மாதிரி ஆகிடும்.

என் அனுபவத்துல இந்த மாதிரி கேஸ்ல பேங்க் நடுவுல ஒரு சமரசத்துக்கு வரும், 64,000ம் மேல கொஞ்சமும் தரேன்பாங்க. ஒரு லட்சத்தை தொட்டுச்சுன்னா வாங்கிக்கோங்கன்னு நேராவே சொல்றேன், மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம்னு கேட்டு 71 வயசு மனுஷனை வாய்தா வாய்தாவா நாகர்கோவிலுக்கு பஸ் ஏத்த வேண்டாம். 64,000க்கு கீழ எது சொன்னாலும் வேண்டாம். ஆனா வாங்கும்போது நீட்டுற பேப்பர்ல "இதனுடன் எல்லா உரிமையும் முடிந்தது"ன்னு ஒரு வரி இருக்கும். போலீஸ் முடக்கின பைசா ஏதாவது இருந்தா, அதுல நமக்கு பாக்கி நஷ்டத்தை கேட்டு வாங்குற உரிமை தனியா இருக்குன்னு அதே பேப்பர்ல எழுத வைங்க, எழுதாம கையெழுத்து போட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க, முடிஞ்சா அந்த பேப்பரை போட்டோ எடுத்து முதல்ல உங்களுக்கு அனுப்ப சொல்லுங்க.