சிவப்பின் பரப்பைவிட வலியின் அளவைக் கவனியுங்கள்

கேள்வி: அப்பாவின் காலில் செல்லுலைட்டிஸ் என்று சொல்லி ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் தொற்றாக இருந்தால் எப்படித் தெரியும்?

அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் நான் இத்தகைய நோயாளியிடம் முதலில் விசாரிப்பது வலியைப் பற்றித்தான். செல்லுலைட்டிஸ் என்ற தொற்று தோலிலும் அதன் கீழுள்ள கொழுப்பிலும் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் சிவப்பும் நோயின் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். உடனடி அறுவை தேவைப்படும், திசுக்களை அழுகச் செய்யும் தொற்றான நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸோ தசைகளை மூடியிருக்கும் ஃபேசியா என்ற உறையின் வழியாக அடியில் பரவி, தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. தோல் கறுப்பது அதன் பிறகே என்பதால், தொடக்கத்தில் மேலே லேசான சிவப்பு மட்டும் தெரிய, நோயாளி வலி தாங்காமல் துடிப்பார்.

சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குக் கணுக்காலில் உள்ளங்கை அளவு சிவப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் அதன் விளிம்பைப் பேனாவால் குறித்து, ஊசி வழியாக மருந்து தொடங்குகிறார்கள். மாலையில் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. சாதாரணச் செல்லுலைட்டிஸிலும் முதல் நாளில் இப்படி நேரலாம் என்பதால், இது மட்டுமே அச்சத்துக்குக் காரணமாகாது. ஆனால் சிவப்பே இல்லாத கெண்டைக்கால் வரை வீங்கி மரக்கட்டைபோல் இறுகியிருந்தாலும், அங்கே தொட்டாலே அவர் அலறினாலும், நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி, இரத்த அழுத்தம் இறங்கி, பேச்சில் குழப்பம் தெரிந்தாலும் அறுவை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். இரவில் அவர் வலி போய்விட்டது என்று சொல்லி, தொட்டாலும் உணர்வில்லை என்றால், குடும்பத்தினர் நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் அது நரம்புகள் செத்துக்கொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஊதா நிறத் திட்டுகள், இரத்தம் கலந்த கொப்புளங்கள், அழுத்தும்போது தோலுக்கடியில் நொறுநொறுவென்ற உணர்வு ஆகியவையும் முற்றிய நிலையையே காட்டுகின்றன.

சர்க்கரை நோயால் காலில் உணர்விழந்தவர்களுக்கும், கடுமையான வலிநிவாரணி எடுப்பவர்களுக்கும் அந்த வலி தெரியாமலே போகலாம். அவர்களிடம் வீக்கத்தின் இறுக்கத்தையும் நாடித்துடிப்பையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு கணக்கிடும் ஆபத்து மதிப்பெண் குறைவாக இருப்பதாலோ, எக்ஸ்ரேயில் வாயு தெரியாததாலோ இந்நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல், ஃபேசியா வரை சிறிதாகக் கீறிப் பார்ப்பதே நம்பகமான வழி. இரத்தம் கசியாமல், கலங்கிய நீர் வெளிவந்து, விரலால் தள்ளியதுமே திசுக்கள் எதிர்ப்பின்றிப் பிரிந்தால் நோய் உறுதியாகிறது. இரத்தம் கசியும் நல்ல திசு வரும் வரை அழுகியதை வெட்டியெடுக்கிறோம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் திறந்து பார்த்து, எஞ்சியதையும் அகற்றுகிறோம். இரத்தம் செல்லாத திசுவுக்குள் ஆன்டிபயாட்டிக்கும் போய்ச் சேராது என்பதால், அதை மட்டும் கொடுத்துக் காத்திருக்க முடியாது.