டைம்ஷீட்டில் இல்லாத ஐந்தாவது ஆள்

கேள்வி: நானும் மூன்று ஊழியர்களுமாக, இணையதளம் செய்துகொடுக்கும் சிறிய ஏஜென்சி நடத்துகிறோம். ஆறு மாதமாக டைம்ஷீட் போடுகிறோம். கொட்டேஷனில் சொன்ன மணிக்கும் உண்மையில் ஆன மணிக்கும் எந்த வேலையிலும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. கடைசி வேலைக்கு 120 மணி சொன்னோம், 123 ஆனது. அந்த ஷீட்டை இணைத்திருக்கிறேன். ஆனாலும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஊழியர்கள் டைம்ஷீட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். இத்தனைக்கும் கிளையண்ட் சொல்லும் கரெக்‌ஷன் தொல்லைகூட அவர்களுக்கு இல்லை, அதை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகள் தூங்கியதும் பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்கு முடித்துவிடுவாள், வாரத்தில் நான்கு நாள் இருக்கும். வீட்டு ஆள்தானே, அதை ஷீட்டில் போடுவதில்லை. நல்ல மென்பொருள் ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: மென்பொருள் வாங்க வேண்டாம். உங்கள் ஷீட்டில் ஒரு ஆளின் பெயரே இல்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டு எதில் போட்டாலும் இதே 123தான் வரும்.

"வீட்டு ஆள்தானே" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவர் மனைவியைச் சொல்வார், இன்னொருவர் தம்பியை, வேறொருவர் ஓய்வு பெற்ற அப்பாவை. எல்லோருக்கும் கணக்கு சரியாக வருகிறது, பணம் மட்டும் மிஞ்சுவதில்லை. கணக்கு சரியாக வருவதே அந்த ஆளை விட்டுவிட்டதால்தான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நீங்கள் அனுப்பிய ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகையைப் பார்க்காமல் வரி வரியாகப் பாருங்கள். டிசைனுக்கு 36 மணி சொல்லி 41 ஆகியிருக்கிறது. கோடிங்குக்கு 52 சொல்லி 60. பக்கங்களில் எழுத்தும் படமும் ஏற்ற 12 சொல்லி 14. டெஸ்டிங்குக்கு 10 சொல்லி 8. கடைசி வரி, கிளையண்டுடன் பேசுவதற்கும் மேற்பார்வைக்கும் 10 மணி சொல்லியிருக்கிறீர்கள். அங்கே ஆனது பூஜ்யம். ஒரு மாதத்துக்கு மேல் ஓடிய வேலையில் கிளையண்டிடம் யாருமே பேசவில்லையா? நீங்கள் பேசியிருப்பீர்கள். முதலாளி தன் மணியை எழுதுவதா என்று விட்டிருப்பீர்கள். அந்தக் காலி வரியின் 10 மணிதான் மற்ற வரிகளில் கூடிப்போனதை மூடி, 123 என்று நல்ல பிள்ளையாகக் காட்டுகிறது.

அடுத்தது உங்கள் மனைவியின் மணி. முதல் மாதிரியைக் கிளையண்டுக்குக் காட்டிய தேதியும் வேலையை ஒப்படைத்த தேதியும் ஷீட்டிலேயே இருக்கின்றன. இடையில் நான்கு வாரம். இரவுக்கு 2 மணி, வாரத்துக்கு நான்கு இரவு, நான்கு வாரம் என்றால் 32 மணி. நீங்கள் பேசிய நேரத்தைச் சொன்ன 10 என்றே வைத்துக்கொள்வோம். 123, 32, 10, ஆக மொத்தம் 165. 120 சொன்ன வேலைக்கு 165 மணி போயிருக்கிறது. கையில் ஏன் மிஞ்சவில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கொட்டேஷனில் கரெக்‌ஷன் என்று ஒரு வரியே கிடையாது. ஷீட்டிலும் வராததால், இப்படி ஒரு வேலை இருப்பதே உங்கள் கணக்குக்குத் தெரியாது. அடுத்த கிளையண்ட் வரும்போது பழைய ஷீட்டைப் பார்ப்பீர்கள், 123 என்று இருக்கும், மறுபடி 120 என்று சொல்லிவிடுவீர்கள். நீங்கள் கொட்டேஷனை அனுப்புகிற அந்த நிமிடமே, உங்கள் மனைவியின் அடுத்த மாத இரவுகளை அவரைக் கேட்காமல் விற்றுவிடுகிறீர்கள். ஆறு மாதமாக இதுதான் நடக்கிறது.

குடும்பம் என்றால் ஒருவருக்கொருவர் கை கொடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வீட்டுத் தொழிலுக்கு மனைவி துணை நிற்பதை நான் குறையாகவே நினைக்க மாட்டேன். ஆனால் துணை நிற்கிறவரின் உழைப்பைத் தெரிந்து வைத்திருப்பது கணவனின் கடமை. பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, நள்ளிரவு வரை யாரோ ஒரு கிளையண்டுக்குப் பொத்தானின் நிறத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெண். அதை நீங்கள் எழுதியிருப்பது "அந்தத் தொல்லைகூட ஊழியர்களுக்கு இல்லை" என்று. ஊழியர்களுக்குத் தொல்லை என்று தெரிகிறதல்லவா தம்பி? அவருக்கு மட்டும் எப்படி அது தொல்லையில்லாமல் போனது? நாளை அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த 32 மணியை உங்கள் கோடிங் ஆள்தான் செய்ய வேண்டும். அன்றைக்கு அதற்குச் சம்பளம் உண்டு, ஷீட்டில் இடமும் உண்டு. அதே வேலை, அதே மணி.

ஆகவே முதலில் ஷீட்டில் அவர் பெயரில் ஒரு வரி. சம்பளமாகக் கொடுப்பதா, வேறு விதமாகவா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அது வரை கணக்கில் அந்த மணிக்கு ஊழியரின் மணிக்குள்ள அதே மதிப்பைப் போடுங்கள். பூஜ்யம் என்று போடக் கூடாது. உங்கள் மணியும் அப்படித்தான். கொட்டேஷன் போடுவதற்கு முன் ஓடிய ஓட்டம், பேசிய பேச்சு எல்லாவற்றையும் ஏஜென்சியின் பொதுச் செலவில் வையுங்கள். வேலை உறுதியான பிறகு பேசியது அந்த வேலையின் கணக்கில் வரட்டும். இரண்டையும் கலந்தால் எந்த வேலை தின்றது என்று தெரியாது.

வாரம் நான்கு நாள் என்பது உங்கள் உத்தேசம். அவரிடம் கேட்டால் வேறாக இருக்கலாம். ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள், மணியைப் பொறுத்தவரை ஞாபகம் குறைத்தே சொல்லும். அவர் கிளையண்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் நேரம் இருக்கிறது. கோப்புகள் எப்போது சேமிக்கப்பட்டன என்ற வரலாறும் இருக்கிறது. கடைசி மூன்று வேலைகளுக்கு இருவருமாக உட்கார்ந்து அவற்றைப் புரட்டுங்கள். துல்லியமாக வராது, பரவாயில்லை. 32 சரியா, 26 சரியா, 40 சரியா என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

புரட்டும்போது ஒவ்வொரு கரெக்‌ஷனும் எதனால் வந்தது என்றும் குறியுங்கள். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நாம் செய்த பிழை. கிளையண்ட் சரி என்று சொன்ன பிறகு மனம் மாறியது. தர வேண்டிய எழுத்தையும் படத்தையும் துண்டு துண்டாக, தாமதமாகத் தந்தது. ஒரு பேச்சுக்கு, 32இல் நம் பிழை 6, மனம் மாறியது 18, தாமதம் 8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நம் பிழையை நாமே காசில்லாமல் திருத்த வேண்டும், அதில் பேச்சே இல்லை. அந்த 6 மணியைக் கொட்டேஷனில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள், பிழையே வராத வேலை கிடையாது. தாமதத்துக்கு நிபந்தனை வேண்டும்: எல்லாம் கைக்கு வந்த பிறகே பக்கங்களில் ஏற்றத் தொடங்குவோம் என்று. மனம் மாறுவதற்கு எல்லை வேண்டும்: இரண்டு சுற்று கரெக்‌ஷன், 10 மணி வரை இந்தத் தொகையில் அடங்கும், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று.

இதே மாதிரி வேலை மறுபடி வந்தால் கணக்கு இப்படிப் போகும். நால்வகை வேலைக்கும் உண்மையில் ஆன 123, பேசுவதற்கு 10, நம் பிழைக்கு 6, கரெக்‌ஷனுக்கு 10. மொத்தம் 149. ஆன 165ஐ அப்படியே கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் மிச்சத்தை நிபந்தனைகள் தடுக்கும். அதே சமயம் 120க்கு இந்த வேலை ஆகாது. கிளையண்ட் 120தான் தருவேன் என்றால் பக்கங்களைக் குறையுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள். இந்த ஒரே வேலையை வைத்து எல்லா வரிகளையும் ஒரே விகிதத்தில் ஏற்றிவிடாமல், மூன்று வேலைகளிலும் எந்த வரி திரும்பத் திரும்பக் கூடுகிறது என்று பார்த்து அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.

ஊழியர்கள் முகம் சுளிப்பதற்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. முதலாளி எழுதுவதில்லை, முதலாளியின் வீட்டார் எழுதுவதில்லை, நாம் மட்டும் எழுதுகிறோம் என்றால் அது அவர்களைக் கண்காணிக்கிற ஏடு என்றுதானே படும்? எந்த வேலையிலுமே வித்தியாசம் வருவதில்லை என்கிறீர்கள். எனக்கு அதுவே சந்தேகம். நேர்மையாக எழுதிய மணி ஒரு வேலையில் கூடும், ஒரு வேலையில் குறையும். எல்லாமே கொட்டேஷனை ஒட்டி நின்றால், வார முடிவில் கொட்டேஷனைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள் என்றும் இருக்கலாம். கூடிப்போன மணிக்காக என்றைக்காவது ஒருவரைக் கடிந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு யார் உண்மையை எழுதுவார்கள்? அன்றன்றைக்கு, கால் மணிக் கணக்கில், ஐந்தாறு தலைப்புகளுக்குள் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் அதே ஷீட்டில், அவர்கள் கண்ணில் படும்படி எழுதுங்கள். கொட்டேஷனில் சொன்ன மணியில் பாதி தீர்ந்ததும் ஒவ்வொருவரிடமும் "எத்தனை சதவீதம் முடிந்தது" என்று கேட்காமல் "இன்னும் எத்தனை மணி வேண்டும்" என்று கேளுங்கள். ஆன மணியையும் அவர்கள் சொல்லும் மணியையும் கூட்டினால் கொட்டேஷனைத் தாண்டுகிறதா என்பது, கிளையண்டிடம் பேச இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இப்போது கையில் இருக்கிற வேலையிலும் கரெக்‌ஷன் வந்து குவிந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த பட்டியல் வந்ததும் அதை மனைவிக்கு அனுப்பாதீர்கள். நீங்களே உட்கார்ந்து மூன்று வகையாகப் பிரியுங்கள். மனம் மாறிய வகைக்கு, "இவை முன்பு ஒப்புக்கொண்டதில் இல்லை, இதற்கு இத்தனை மணி கூடுதலாகும், சம்மதம் தந்தால் தொடங்குகிறோம்" என்று கிளையண்டுக்கு எழுதுங்கள். பதில் வரும் வரை அந்த வேலையை யாரும் தொட வேண்டாம், உங்கள் மனைவியும்தான்.