மேலதிகாரிக்கு நகல் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சான்றிதழில் பெயர்த் திருத்தம் கேட்டு மார்ச் 3 அன்று விண்ணப்பம் கொடுத்தேன். 30 நாளில் முடித்துத் தருவதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். பத்தாம் நாளே நினைவூட்டுக் கடிதம் எழுதி, துறைத்தலைவர் வரை ஐந்து பேருக்கு நகல் போட்டேன். அதன்பிறகு கோப்பு அசையவில்லை. நகல் போட்டது தவறா?

நகல் போட்டதில் தவறில்லை, போட்ட நாளும் எண்ணிக்கையும்தான் தவறு. பத்தாம் நாளில் அந்த அலுவலகம் எந்தக் கெடுவையும் தாண்டியிருக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மேலிடத்தில் புகார் போய்விட்டது என்றுதான் அங்கே அதைப் படிப்பார்கள்.

நகல் போன பிறகு நடப்பதைப் பாருங்கள். ஐந்தில் ஒன்றிரண்டாவது 'தக்க நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்' என்ற குறிப்போடு அதே பிரிவுக்கு இறங்கி வரும். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டிய எழுத்தர் இப்போது முதலில் அறிக்கை எழுத உட்கார வேண்டும். தாமதம் தங்கள் பக்கம் இல்லை என்று அதில் காட்டியாக வேண்டும் என்பதால் உங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். சாதாரணமாகப் போனில் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு சான்றொப்பம் விடுபட்டிருந்தால், அது அறிக்கையில் 'மனுதாரர் உரிய ஆவணம் இணைக்கவில்லை' என்று ஏறிவிடும். ஏறியபின் அதை யாரும் கண்டுகொள்ளாமல் விட முடியாது. இன்னொன்றும் உண்டு: மேலிடத்திலிருந்து ஏதாவது சொல்லி வருமோ என்று, கையெழுத்திட வேண்டிய அதிகாரி கோப்பை அப்படியே வைத்துக்கொள்வார்.

இப்போது செய்ய வேண்டியது இன்னொரு கடிதமல்ல. நேரில் போய், மேலிடம் அறிக்கை கேட்டிருக்கிறதா, எந்தத் தாள் குறைகிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். குறைந்த தாளை ஒரு முகப்புக் கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்த முகப்புக் கடிதத்தில் யாருக்கும் நகல் வேண்டாம்.

அடுத்த முறைக்கான கணக்கு இது. மார்ச் 3க்கு 30 நாள் என்றால் ஏப்ரல் 2. அது கடந்ததும், ஏப்ரல் 5 வாக்கில், நகல் இல்லாமல் முதல் நினைவூட்டு. அதில் விண்ணப்ப நாள், ஒப்புகை எண், முடிந்துபோன கெடு ஆகிய மூன்றையும் எழுதி, ஏப்ரல் 20க்குள் பதில் கேளுங்கள். அதுவும் கடந்தால் 22ஆம் தேதி இரண்டாம் நினைவூட்டு. நகல் இங்கேதான் வருகிறது, அதுவும் ஒரே ஒருவருக்கு. 'பார்வை' என்ற இடத்தில் முந்தைய இரண்டு கடிதங்களையும் தேதியோடு குறிப்பிடுங்கள். அப்போது மேலதிகாரி குற்றச்சாட்டைப் படிக்க வேண்டியதில்லை, தேதிகளைப் பார்த்தாலே போதும்.

அந்த ஒருவர் யார்? உயர்ந்த பதவியில் இருப்பவருக்குப் போட்டால்தானே வேகம்?

பெறுநருக்கு நேர் மேலே இருப்பவர். உச்சியில் இருப்பவருக்கு அனுப்பினால் அது அவருக்குக் கீழே, அதற்கும் கீழே என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரையும் ஒரு குறிப்பும் வாங்கிக்கொண்டு கடைசியில் அதே எழுத்தரிடம்தான் வந்து சேரும். வழியில் நாட்கள் போனது மட்டும்தான் மிச்சம். இடையில் தாண்டப்பட்ட அதிகாரியும் 'என்னிடம் சொல்லியிருக்கலாமே' என்று நினைப்பார். பின்னால் உங்களுக்கு உதவ வேண்டியவரே அவராக இருக்கலாம்.

நகல் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. மேலதிகாரியிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லையே?

பெரும்பாலும் வராது. நகல் என்பது தகவல். பெறுநர் பெயர் வேறு, அதில் வேண்டுகோளும் அவருக்கே என்றால், நகல் பெறும் அலுவலகத்தில் 'பார்க்கப்பட்டது, நடவடிக்கை தேவையில்லை' என்று கோப்பில் சேர்த்துவிடுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது. அவர்களிடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

மேலதிகாரி ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அவரையே பெறுநராக வைத்துத் தனிக் கடிதம் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முந்தைய கடிதங்களின் படிகளை இணைத்து, கடைசிப் பத்தியில் ஒரே வேண்டுகோள் வையுங்கள்:

'மேற்கண்ட விண்ணப்பத்தின் மீது முடிவெடுத்து எனக்குத் தெரிவிக்குமாறு அலுவலருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.'

'உரிய நடவடிக்கை எடுக்கவும்' என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இந்தக் கடிதத்தின் நகலைக் கீழ் அலுவலகத்துக்குப் போடுங்கள், மறைக்க வேண்டாம். முன்கூட்டியே தெரிந்தால், அறிக்கை கேட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது. பல கோப்புகள் அந்த இடைவெளியில்தான் முடிகின்றன.

எங்கள் தெருக் குழாய் உடைப்பைப் பற்றி எழுதியபோது, 'நிதி ஒதுக்கீடு வரவில்லை' என்று பொறியாளர் பதில் கொடுத்தார். மேலே நகல் போட்டால் கோபப்படுவாரா?

மாட்டார், பெரும்பாலும் மகிழ்வார். தடை அவர் கையில் இல்லை, மேலே இருக்கிறது. 'பொதுமக்களிடமிருந்து கடிதம் வந்துள்ளது' என்று சொல்லி நிதி கேட்க அவருக்கு உங்கள் நகல் ஓர் ஆதாரம். நிதி, ஆள் பற்றாக்குறை, விதியில் தெளிவின்மை, இரண்டு துறைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என எதிலும் நகல் கீழ் அலுவலகத்துக்குத் துணைதான். ஆனால் வாசகம் அதற்கேற்ப இருக்க வேண்டும். 'பொறியாளர் நிதி இல்லை என்று கைவிரிக்கிறார்' என்று எழுதினால் துணை பகையாகிவிடும். 'நிதி ஒதுக்கீடு எதிர்பார்க்கப்படுவதாகப் பொறியாளர் தெரிவித்துள்ளார்' என்று எழுதுங்கள். இரண்டிலும் செய்தி ஒன்றுதான்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஆட்சேபித்து எழுதிய கடிதத்தின் நகலை மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அது போதும்தானே?

போதாது, உடனே கவனியுங்கள். நகல் மேல்முறையீடு ஆகாது. அதற்கென்று தனி மனு, சில இடங்களில் படிவமும் கட்டணமும் உண்டு. நிராகரிப்பு ஆணை உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து கெடு ஓடிக்கொண்டிருக்கும், நகல் அதை நிறுத்தாது. கீழ் அலுவலகம் பதில் தரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு. ஆணையின் கடைசிப் பத்தியில் கெடு எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடிதத்தில் குறிப்பிடாமல், மேலதிகாரிக்குத் தனியாக ஒரு படி அனுப்பிவிடலாமா?

வேண்டாம். அந்தப் படி என்றாவது கீழே வரக்கூடும். வந்த அன்று மூலத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மூலத்தில் நகல் வரி இல்லை என்றால் உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். மின்னஞ்சலில் மறைநகல் அனுப்புவதும் இதேதான். மேலதிகாரி எல்லோருக்கும் பதில் என்று அழுத்தினால் அப்போதே தெரிந்துவிடும்.

நகல் வரி கையெழுத்துக்குக் கீழே, இடப்பக்கம். ஆளின் பெயர் வேண்டாம், பதவியும் அலுவலகமும் போதும், ஏனென்றால் ஆள் மாறினாலும் கடிதம் சேர வேண்டும். இணைப்புகளும் போகின்றனவா என்பதை அங்கேயே எழுதுங்கள்:

'நகல்: கண்காணிப்பு அலுவலர், மண்டல அலுவலகம் (இணைப்புகளுடன்) – தகவலுக்காக.'

எல்லாப் படியிலும் தனித்தனியாகக் கையெழுத்திடுங்கள். கையெழுத்தில்லாத படியைத் தபால் பிரிவிலேயே ஒதுக்கிவைக்கக்கூடும்.

நான் பணியாளர். என் பதவி உயர்வு பற்றி மேலிடத்துக்கு நேரே எழுதலாமா?

கடிதம் உங்கள் அலுவலகத் தலைவர் வழியாகவே போகட்டும். அவசரம் என்றால் 'முன்பிரதி' என்று மேலே எழுதி ஒரு படியை நேரே அனுப்பலாமா என்பதை உங்கள் பணி விதிகளில் முதலில் பாருங்கள். அனுமதி உண்டு என்றால், முன்பிரதி அனுப்பியதை மூலத்திலேயே குறிப்பிட்டு, கொடுக்கும்போது தலைவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். அவர் பரிந்துரை எழுதும் முன்பே மேலிடத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தால், அந்தப் பரிந்துரை ஒரு வரியில் முடிந்துவிடும்.